சிகிச்சை கொடுத்த பிறகு யூரின் கீட்டோன் 2+ இலிருந்து 4+ ஆனது: நான் எங்கே தவறினேன்?

இரவுப்பணி

போன வாரம் என் கையால் நடந்த ஒரு தவறை எழுதுகிறேன். அதன் காரணத்தை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

22 வயதுப் பெண், டைப் 1 சர்க்கரை நோய், எடை 50 கிலோ. இரண்டு நாளாக வாந்தி. சாப்பிடாதபோது இன்சுலின் எதற்கு என்று அதையும் நிறுத்தியிருக்கிறார். இரவு 12 மணிக்கு வந்தபோது மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது, கைகால் சில்லிட்டிருந்தது. சர்க்கரை 468, பிஎச் 7.19, பைகார்பனேட் 7, சோடியம் 132, குளோரைடு 95, பொட்டாசியம் 4.6. யூரின் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் 2+. இன்சுலின் இல்லாமல் ரத்தம் கீட்டோனால் அமிலமாகும் டிகேஏ என்பதில் சந்தேகமே இல்லை. சலைன், பொட்டாசியம், மணிக்கு 5 யூனிட் இன்சுலின் என்று ஆரம்பித்தேன்.

விடிகாலை 4 மணிக்குச் சர்க்கரை 228. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தேன். அதே நேரம் பார்த்த யூரினில் கீட்டோன் 4+. ஸ்ட்ரிப்பை நானே கையில் வைத்துப் பார்த்தேன். வரும்போது இளஞ்சிவப்பாக இருந்த கட்டம் இப்போது அடர்ந்த ஊதா. நாலு மணி நேரம் இன்சுலின் ஓடியும் கீட்டோன் ஏறுகிறதே என்று பயந்து, மணிக்கு 10 யூனிட்டாக்கினேன்.

6 மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சர்க்கரை 61, பொட்டாசியம் 2.9. இன்சுலினை நிறுத்தி, சர்க்கரையை ஏற்றி, பொட்டாசியம் 3.5ஐத் தாண்டிய பிறகுதான் திரும்ப ஆரம்பித்தோம். அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

காலையில் எங்கள் சீஃப், ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்த இரண்டு ரத்த மாதிரிகளிலும் ரத்தக் கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டைப் பார்க்கச் சொன்னார். 12 மணி மாதிரியில் 9.6. 4 மணி மாதிரியில் 4.4. அதாவது நான் இன்சுலினை இரட்டிப்பாக்கிய நேரத்தில் அவர் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரிப் ஏன் நேர் எதிராகச் சொன்னது? பழைய ஸ்ட்ரிப்பா?

ஆய்வக மேசை

டாக்டர், ஸ்ட்ரிப்பைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. அந்த 4 மணி யூரின் எத்தனை மணி நேரத்து யூரின்?

இரவுப்பணி

வந்ததும் ஒரு முறை போனார். அதற்குப் பிறகு 4 மணிக்குத்தான் போனார். கதீட்டர் போடவில்லை.

ஆய்வக மேசை

அப்படியானால் அது 4 மணியின் நிலவரம் இல்லை. 12லிருந்து 4 வரை சிறுநீர்ப்பையில் சேர்ந்த எல்லாம் ஒன்றாகக் கலந்தது. இன்சுலின் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால் இறங்கிய கீட்டோனும் அதில் இருக்கிறது. ரத்தக் குழாயில் எடுத்த மாதிரிதான் அந்த நிமிடத்தைச் சொல்லும்.

இன்னொன்று. வரும்போது சர்க்கரை 468. அந்த அளவில் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு யூரினில் கொட்டும், அதனால் யூரின் நீர்த்துப் போயிருக்கும். நீர்த்த யூரினில் கட்டத்தின் நிறமும் வெளிறும். சர்க்கரை இறங்க இறங்க யூரின் அளவு குறைந்து அடர்த்தி கூடும், கீட்டோன் கூடாமலே நிறம் கருக்கும். ஸ்ட்ரிப் அளப்பது செறிவை மட்டும்தான். உடம்பில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் நிறம் குறைவாகத்தான் காட்டும். டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் பட்டு நைட்ரோபுருசைட் வீணாகிவிடும். நிறம் பொய்யாகக் கூடுவது வேறு காரணத்தால். கேப்டோப்ரில், மெஸ்னா மாதிரி கந்தகத் தொகுதி உள்ள மருந்துகள் அந்த ஊதாவைக் கொண்டுவரும். உங்கள் நோயாளிக்கு அப்படி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்டெத்

ஆய்வக மேசை சொன்ன இரண்டும் சரி. ஆனால் அடிப்படைக் காரணம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. தம்பி, கல்லூரியில் ரோத்தெரா சோதனை செய்திருப்பாய். யூரினில் அம்மோனியம் சல்பேட்டைக் கரையும் மட்டும் போட்டு, நைட்ரோபுருசைட் சேர்த்து, குழாயின் ஓரமாக அம்மோனியாவை விட்டால் ஊதா வளையம் வரும். இன்றைய ஸ்ட்ரிப் அதே வேதியியலைக் காகிதத்தில் காயவைத்தது. அது பிடிப்பது அசிட்டோஅசிட்டேட்டை. அசிட்டோனைக் கொஞ்சம் பிடிக்கும். பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை அது பார்க்கவே பார்க்காது. அதில் கீட்டோன் தொகுதியே இல்லை, நைட்ரோபுருசைட்டுக்குப் பிடி கிடைக்காது.

டிகேஏவில் மிகுந்திருப்பதோ பீட்டா ஹைட்ராக்ஸிதான். சாதாரணமாக இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். டிகேஏவில் மூன்றுக்கு ஒன்று, சில நேரம் பத்துக்கு ஒன்று வரை போகும். கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பு அமிலம் எரிய எரிய NADH குவிகிறது. அது அசிட்டோஅசிட்டேட்டைப் பீட்டா ஹைட்ராக்ஸியாக மாற்றுகிறது. திசுக்களுக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால் இது இன்னும் அந்தப் பக்கமே சாயும். உன் நோயாளிக்குக் கைகால் சில்லிட்டிருந்தது என்றாயே, அதை நினைத்துக்கொள்.

இன்சுலினும் சலைனும் ஓடியதும் சாய்வு திரும்புகிறது. பீட்டா ஹைட்ராக்ஸி அசிட்டோஅசிட்டேட்டாக மாறித்தான் எரிந்து தீர வேண்டும். கணக்குக்காக 12 மணிக்கு அசிட்டோஅசிட்டேட் 1.6 என்று வைத்துக்கொள். பீட்டா ஹைட்ராக்ஸி 9.6, மொத்தம் 11.2. நாலு மணிக்குப் பீட்டா ஹைட்ராக்ஸி 4.4, அசிட்டோஅசிட்டேட் அதே 1.6, மொத்தம் 6. நோய் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆனால் ஸ்ட்ரிப்பின் கண்ணுக்குத் தெரிகிற பங்கு துளிகூடக் குறையவில்லை. அதன் மேல் நீர்த்த யூரின், தேங்கிய யூரின் விஷயத்தையும் சேர்த்துப் பார். 2+ எப்படி 4+ ஆனது என்று புரியும்.

இரண்டாமாண்டு

அப்படியென்றால் யூரின் ஸ்ட்ரிப்பே பயனில்லாதது தானே? பீட்டா ஹைட்ராக்ஸி மட்டும் இருந்தால் ஸ்ட்ரிப் நெகட்டிவ் வரும், டிகேஏவைத் தவறவிட்டுவிடுவோம். எங்களுக்கு ஹார்ட் சோதனை சொல்லித்தந்தார்கள். யூரினைக் கொதிக்கவைத்து அசிட்டோனையும் அசிட்டோஅசிட்டேட்டையும் விரட்டிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் மிச்சமுள்ள பீட்டா ஹைட்ராக்ஸி அசிட்டோஅசிட்டேட்டாகிவிடும். பிறகு ரோத்தெரா செய்தால் பிடித்துவிடலாம். மீட்டர் இல்லாத இடத்தில் இதைச் செய்யலாமே?

பழைய ஸ்டெத்

ஹார்ட் சோதனையின் வேதியியல் நீ சொன்னபடிதான். ஆனால் நோயாளி படுக்கையருகே அது உதவாது. எவ்வளவு ஆக்சிடேஷன் நடக்கும் என்பது ஒவ்வொரு குழாயிலும் மாறும். அதிலும் கடைசியில் கிடைப்பது தேங்கிய யூரினின் நிறம்தான்.

ஸ்ட்ரிப் முழு நெகட்டிவாக இருக்கும் டிகேஏ அரிது. எத்தனை பங்கு பீட்டா ஹைட்ராக்ஸி இருந்தாலும் கூடவே கொஞ்சம் அசிட்டோஅசிட்டேட் இருக்கும். ஸ்ட்ரிப் அதைப் பிடித்துவிடும். 2024இல் அமெரிக்க, ஐரோப்பியச் சர்க்கரை நோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கருத்தொருமிப்பில்கூட, ரத்தத்தில் 3 அல்லது அதற்கு மேல், அல்லது யூரினில் 2+ அல்லது அதற்கு மேல் என்று இரண்டையும் நோயறியும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கு ஸ்ட்ரிப் ஓரளவு உதவும். 'குறைகிறதா?' என்ற இரண்டாவது கேள்வியைத்தான் அதனிடம் கேட்கக்கூடாது. தம்பி அதைத்தான் கேட்டுவிட்டார்.

இரண்டாமாண்டு

சரி சார், நெகட்டிவ் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் 1+ வந்தால் லேசான கீட்டோன் என்று யாராவது வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா? அதுவும் தவறவிட்டதுதானே?

பழைய ஸ்டெத்

அது நியாயமான கேள்வி. அனுப்பிய சம்பவங்கள் எனக்குத் தெரியும். நிறத்தின் அளவை நோயின் அளவாக எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

மகளின் அம்மா

நான் டாக்டர் இல்லை. என் பொண்ணுக்கு 9 வயசு, டைப் 1, பம்ப் போட்டிருக்கோம். இதைப் படிச்சதும் நெஞ்சு பதறுது, ஏன்னா எங்களுக்கும் இதே மாதிரி ரெண்டு தடவை நடந்திருக்கு.

முதல் தடவை ராத்திரி பம்ப் குழாய் மடங்கிப்போய், காலையில வாந்தி எடுத்தா. யூரின் ஸ்ட்ரிப்ல லேசா நிறம், 1+ தான். கொஞ்சம் பார்ப்போம்னு நினைச்சோம். புதுசா வாங்கி வச்சிருந்த ரத்தக் கீட்டோன் மீட்டர்ல குத்திப் பார்த்தா 2.4. உடனே பேனா ஊசியில இன்சுலின் போட்டு, எங்க டாக்டரைக் கூப்பிட்டோம்.

ரெண்டாவது தடவை நேர்மாறா. மீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோச்சு. யூரின்ல ஊதா போகவே இல்லை, சாயங்காலம் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் கூடுதல் இன்சுலின் போட்டேன். கடைசியில சர்க்கரை 54க்கு வந்து பிள்ளை சோர்ந்து படுத்துட்டா. அவ காலையிலயே சரியாகியிருப்பாளோன்னு இப்பதான் தோணுது.

பழைய ஸ்டெத்

அம்மா, முதல் தடவை நீங்கள் செய்தது சரி. பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது, குழாய் மடங்கினால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும். யூரினில் அது பிறகுதான் தெரியும். ரத்தத்தில் 0.6க்குக் கீழே இருந்தால் சரி. 1.5ஐத் தாண்டினால் உங்கள் மருத்துவக் குழு தந்த திட்டப்படி நடந்து, அவர்களோடு தொடர்பில் இருங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது எத்தனை இருந்தாலும் வாந்தி நிற்கவில்லை என்றால், உடனே மருத்துவமனை.

யூரின் ஊதா போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இனி கூடுதல் இன்சுலின் போடாதீர்கள். காலையிலேயே சரியாகியிருப்பாளா என்பதை இப்போது என்னால் சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தில் தீர்ந்த பிறகும் யூரினில் பல மணி நேரம் நிறம் வருவது வழக்கம்.

ஆய்வக மேசை

அம்மா சொன்ன மாதிரி வீடுகளைப் பற்றி 2006இல் ஒரு ஆய்வு வந்தது. 3 முதல் 22 வயது வரை 123 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரத்த மீட்டர், மறுபிரிவுக்கு யூரின் ஸ்ட்ரிப் கொடுத்து 6 மாதம் பார்த்தார்கள். ரத்த மீட்டர் பிரிவில் அவசர சிகிச்சைக்கோ உள்நோயாளியாகவோ போகவேண்டி வந்தது, யூரின் ஸ்ட்ரிப் பிரிவில் வந்ததில் ஏறக்குறையப் பாதிதான். சின்ன ஆய்வுதான்.

காலைநடை

எனக்கும் யூரினில் கீட்டோன் 1+ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சர்க்கரை 168 தான். நான் 51 வயது, டைப் 2. எடை குறைக்க மூன்று வாரமாக மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன். கொழுப்பு எரிகிறது என்று அர்த்தம் தானே? 1+ ஐ 3+ ஆக்க என்ன செய்யவேண்டும்? இரண்டு நாளாகக் குமட்டல், வயிற்றுவலி. அது உணவு மாற்றத்தால் என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்டெத்

நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளின் பெயரை உடனே எழுதுங்கள்.

காலைநடை

மெட்ஃபார்மின், டபாக்ளிஃப்ளோசின்.

பழைய ஸ்டெத்

ஐயா, இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தனியாக வண்டி ஓட்டாதீர்கள். டபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன், குமட்டலும் வயிற்றுவலியும் இருக்கிறது, ரத்தத்தில் கீட்டோனும் பிஎச்சும் பார்க்கவேண்டும் என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். சர்க்கரை 168 என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்காதீர்கள். இந்த வகை மருந்து சர்க்கரையை யூரின் வழியே வெளியேற்றுவதால், டிகேஏ வந்தாலும் சர்க்கரை ஏறாமல் இருக்கலாம். சிறுநீரகம் கீட்டோனைத் திரும்ப உறிஞ்சுவதையும் அது கூட்டக்கூடும். அதனால் யூரின் 1+ என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது.

வார்டு சிஸ்டர்

அவர் கிளம்பட்டும். நான் இரவுப்பணி டாக்டருக்கு ஒன்று சொல்லணும். படுக்கையருகே குத்திப் பார்க்கிற மீட்டரையும் நாங்கள் கண்ணை மூடி நம்புவதில்லை. எங்கள் மீட்டர் 8 வரைதான் எண் காட்டும், அதற்கு மேல் போனால் HI. உங்கள் நோயாளிக்கு 9.6. மீட்டர் இருந்திருந்தாலும் 12 மணிக்கு HI என்றுதான் வந்திருக்கும். ஒரு மணிக்கும் HI வந்திருக்கலாம், குறைகிறதா என்று அப்போது தெரியாது.

அப்புறம் விரல். சில்லிட்ட விரலைப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் எண் தப்பும். ஷாக்கில் இருப்பவருக்கு நான் கேஸ் சிரிஞ்சில் எடுத்த ரத்தத்திலிருந்தே ஒரு சொட்டு வைப்பேன், மீட்டருக்கு அது ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு. ஒரு முறை விரலில் 3.3, சிரையில் 5.1 என்று பார்த்திருக்கிறேன்.

ஆய்வக மேசை

சிஸ்டர் சொல்வது உண்மை. மீட்டர் மேல் எல்லையை நெருங்க நெருங்க ஆய்வக அளவிலிருந்து விலகும். முடிவெடுக்கும் இடங்களான 0.6, 1.5, 3 ஆகியவற்றின் பக்கத்தில் நன்றாகவே ஒத்துப்போகும். ஒரு நல்ல செய்தி: பீட்டா ஹைட்ராக்ஸி குளிரில் வைத்த சீரத்தில் நாள்கணக்கில் நிலைக்கும். உங்கள் சீஃப் காலையில் கேட்டும் சரியான எண் கிடைத்தது அதனால்தான். அசிட்டோஅசிட்டேட் அப்படி நிற்காது.

இரவுப்பணி

அன்று இரவு எங்களிடம் மீட்டர் இல்லை. ஆய்வகத்தில் பீட்டா ஹைட்ராக்ஸி பகலில் மட்டும்தான் செய்கிறார்கள். மீட்டரே இல்லாமல் 4 மணிக்கு நான் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

பழைய ஸ்டெத்

4 மணி ரிப்போர்ட்டில் மற்ற எண்கள் என்ன?

இரவுப்பணி

சிரை ரத்தத்தில் பிஎச் 7.28, பைகார்பனேட் 13, சோடியம் 137, குளோரைடு 106.

பழைய ஸ்டெத்

விடை அதிலேயே இருக்கிறது. வரும்போது ஆனயான் கேப் 132 கழித்தல் 95 கழித்தல் 7, ஆக 30. நாலு மணிக்கு 137 கழித்தல் 106 கழித்தல் 13, ஆக 18. அளக்கப்படாத அமிலம் நாலு மணி நேரத்தில் 12 குறைந்திருக்கிறது. பீட்டா ஹைட்ராக்ஸியே இல்லாமல் அதன் நிழலைப் பார்த்திருக்கலாம். சர்க்கரையும் மணிக்கு 60 வீதம் இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போகும்போது ஸ்ட்ரிப் ஒன்று மட்டும் எதிர்த்திசை காட்டினால், ஸ்ட்ரிப்பைத்தான் ஒதுக்கவேண்டும்.

ரத்தக் கீட்டோன் மணிக்கு 0.5ஆவது குறையவேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டியின் கணக்கு. உன் நோயாளிக்கு மணிக்கு 1.3 குறைந்தது. ஒருவேளை குறையாமலிருந்தாலும் முதலில் பார்ப்பது பம்ப் ஓடுகிறதா, கை ஊசி கசிகிறதா என்று. அதற்குப் பிறகும் மணிக்கு 1 யூனிட்தான் கூட்டச் சொல்கிறார்கள், இரட்டிப்பாக்க அல்ல.

இரவுப்பணி

12 குறைந்தது... அந்தக் கழித்தலை நான் போடவே இல்லை சார். கண் முழுக்க அந்த ஊதாக் கட்டத்தில் இருந்தது.

இன்னொரு கேள்வி. மறுநாள் மதியம் 1 மணிக்கு ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸி 0.5, பிஎச் 7.32, பைகார்பனேட் 16, சோடியம் 138, குளோரைடு 112. யூரின் இன்னும் 3+. சீஃப் டிகேஏ முடிந்தது என்று சொல்லி, நீண்டநேர இன்சுலினைத் தோலடியில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து டிரிப்பை நிறுத்தினார். பைகார்பனேட் 18 வரவில்லையே?

பழைய ஸ்டெத்

கேப் 10. கீட்டோன் அமிலம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் லேசான அமிலத்தன்மை சலைனில் போன குளோரைடால் வந்தது, யூரினில் இழந்த கீட்டோன் உப்புகளும் ஒரு காரணம். அதற்கு இன்சுலின் டிரிப் மருந்தில்லை. கீட்டோன் 0.6க்குக் கீழே இருக்கவேண்டும், அதோடு பிஎச் 7.3 அல்லது பைகார்பனேட் 18 என்ற இரண்டில் ஒன்றை எட்டினால் போதும் என்பதே 2024 கருத்தொருமிப்பும்.

வார்டு சிஸ்டர்

எங்கள் வார்டில் இதில் ஒத்த கருத்து இல்லை சார். பைகார்பனேட் 18 வரும்வரை டிரிப்பை நிறுத்தவே விடாத டாக்டர் ஒருவர் இருக்கிறார். நான் எத்தனை முறை குளோரைடைச் சுட்டிக்காட்டினாலும், நோயாளி இன்னொரு இரவு ஐசியூவில்தான். ரத்தக் கீட்டோன் கைக்கு வந்த பிறகும் அவர் சார்ட்டில் யூரின் கீட்டோன் கட்டம் இருக்கவேண்டும் என்கிறார். ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த 3+ஐத்தான்.

பழைய ஸ்டெத்

டிரிப்பை நீட்டுவதில் அவருக்கு வேறு காரணம் இருக்கலாம், நோயாளியைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு அந்தக் கட்டம் சார்ட்டில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

காலைநடை

நான் அவர் மகன் எழுதுகிறேன். அப்பாவின் ரத்தக் கீட்டோன் 4.1, பைகார்பனேட் 14 என்றார்கள். சேர்த்திருக்கிறோம், இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஓடுகிறது. டபாக்ளிஃப்ளோசினை நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் யூரின் மறுபடி எடுத்திருக்கிறார்கள், அது 3+ என்று சொல்கிறார்கள். பயப்படணுமா?

இரவுப்பணி

தம்பி, நான்தான் இந்த இழையை ஆரம்பித்தவன். அந்த 3+ஐ இப்போது விட்டுவிடுங்கள். சிஸ்டரிடம் ரத்தக் கீட்டோன் அடுத்து எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண் 4.1ஐ விடக் குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். நான் விழித்துத்தான் இருக்கிறேன்.